வேலை கேட்டவர்கள் எத்தனை, வேலை தந்தவர்கள் எத்தனை?

ஒரகடத்தில் இரண்டு சிஎன்சி லேத்தும் ஒரு விஎம்சியும் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் ஒரு பட்டறை. மார்ச் கடைசியில் அதன் கூகுள் விளம்பரக் கணக்கைத் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குச் சொல்பவை. ஆனால் இருங்காட்டுக்கோட்டை முதல் வல்லம் வரை பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல.

ஆண்டுச் செலவு 1,20,000 ரூபாய். வந்த அழைப்புகள் 610. ஓர் அழைப்புக்கு 200 ரூபாய்கூட ஆகவில்லை, நல்ல பலன் என்று ஏஜென்சி அறிக்கை தருகிறது. மெஷின் பக்கத்தில் தொங்கும், கூலன்ட் கறை படிந்த நோட்டில் வேறு கணக்கு இருக்கிறது. யார் கூப்பிட்டார்கள், எதற்கு என்று ஒரு வரியாவது அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ‘ஐடிஐ முடிச்சிருக்கேன், ஆள் எடுக்கிறீங்களா அண்ணா’ என்று கேட்டவர்கள் 410 பேர். டூல், ஆயில் விற்க வந்தவர்கள் 70. வேறு மாநிலங்களிலிருந்து சும்மா விலை விசாரித்தவர்கள் 90. டிராயிங் அனுப்பி விலை கேட்டவர்கள் 40 பேர்தான். அதில் ஆர்டர் தந்தவர்கள் 5 பேர். அப்படியானால் ஓர் உண்மையான விசாரணைக்கு 3,000 ரூபாய், ஒரு வாடிக்கையாளருக்கு 24,000 ரூபாய். இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்தப் பகுதியில் இப்படி நடக்கக் காரணம் உண்டு. ‘oragadam company’ என்று தேடுபவர் பெரும்பாலும் வேலை தேடும் இளைஞர். அவர் மேல் தவறில்லை, அவரிடம் நம் விளம்பரத்தைக் காட்டியதுதான் தவறு. கணக்கில் Search terms என்ற பகுதியைத் திறந்தால் மக்கள் தட்டச்சு செய்த சொற்களில் பெரும்பகுதி தெரியும். எல்லாச் சொற்களையும் கூகுள் காட்டாது என்றாலும், திசை புரிந்துவிடும். jobs, vacancy, salary, walk-in போன்றவற்றை விலக்குச் சொற்களாகச் சேர்த்துவிடலாம். இட அமைப்பையும் பாருங்கள். அங்கு தானாக அமைந்திருப்பது, நம் ஊரில் இருப்பவருக்கு மட்டுமல்லாமல் நம் ஊரில் ஆர்வம் காட்டியவருக்கும் விளம்பரம் காட்டும் முறை. அதை Presence என்று மாற்றினால், வெளியூர் அழைப்புகளில் பெரும்பாலானவை குறையும்.

அடுத்தது எதை வைப்பது, எதை வெட்டுவது. இந்தப் பட்டறை ‘cnc turning job work’, ‘vmc job work’ போன்ற சொற்களுக்குச் செலவிட்டது 45,000. அதிலிருந்து 31 விசாரணைகள், 4 வாடிக்கையாளர்கள். ‘company’, ‘industries’ என்ற பொதுச் சொற்களுக்குப் போனது 75,000. அது தந்தது 9 விசாரணைகள், ஒரே வாடிக்கையாளர். நாலுக்கு ஒன்று என்பது சின்ன எண், தற்செயலாகவும் அமையலாம். ஆனால் குறைந்த செலவில் மூன்று மடங்குக்கு மேல் விசாரணை வந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. பொதுச் சொற்களை நிறுத்திவிடலாம்.

இதையெல்லாம் பார்க்க, கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். பலரும் சிக்குவது இங்கேதான். ஏஜென்சி தன் கணக்கிலேயே விளம்பரத்தை ஓட்டினால், பிரியும்போது ஆண்டுக்கணக்கான விவரம் அவர்களிடமே தங்கிவிடும். கணக்கு உங்கள் பெயரில், நிர்வாகி உரிமை உங்களிடம், கூகுளுக்குப் போனது எவ்வளவு, சேவைக் கட்டணம் எவ்வளவு என்ற மாதாந்திரப் பிரிவு: இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வணிக நோக்கில் வாங்கிய சேவைக்கு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் ஆணையத்தை நம்ப முடியாது. தகராறு வந்தால் இந்தக் காகிதம்தான் துணை.

அடுத்தது வரி. அந்த 1,20,000 ரூபாய் மீது 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 21,600 ரூபாய். கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண் பதிவாகியிருந்து, அந்த பில் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வந்தால் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இது கிடையாது. மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு நவம்பர் 30, அல்லது ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நாள், எது முந்தியோ அதுவே கெடு.

போலிக் கிளிக் என்ற சந்தேகத்தை மட்டும் ஆண்டுக் கடைசி வரை தள்ளிப்போடாதீர்கள். கூகுள் தானாகக் கண்டுபிடிப்பதைக் கழித்துவிடும். நீங்கள் விசாரிக்கச் சொல்வதென்றால் சமீபத்திய 60 நாள் கிளிக்குகளுக்குத்தான் வழி. ‘முதல் பக்கத்தில் வரவைக்கிறோம், கூகுளிலிருந்து பேசுகிறோம்’ என்று பணம் பறித்தவர் மீதும் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு சோதனை போதும். ஜிக், ஃபிக்சர் வேலைக்கான சொற்களுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை 15,000 ரூபாய். பழைய நல்ல சொற்களில் ஒரு விசாரணைக்கு ஏறக்குறைய 1,450 ஆனதால், இதில் பத்து வர வேண்டும். ஐந்துக்குக் கீழே போனால் ஜூலையில் நிறுத்துவது என்று இப்போதே நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதி, போன் எடுக்கும் எல்லோரிடமும் காட்டிவிடுங்கள்.