தடுப்புப் பராமரிப்பு நாட்காட்டித் தாள்

தடுப்புப் பராமரிப்பு நாட்காட்டித் தாள் என்பது, இயந்திரங்கள் பழுதாகும் முன்பே செய்ய வேண்டிய பணிகளுக்கு அடுத்த நாளைக் கணித்து, நாள் கடந்த பணிகளை எண்ணிக் காட்டும் விரிதாள் ஆகும். எக்செல், லிப்ரே ஆபிஸ் போன்ற மென்பொருள்களில் இதை அமைக்கலாம்.

அமைப்பு

ஒரு வரிசையில் ஒரு பணி மட்டுமே இருக்க வேண்டும். ஒரே இயந்திரத்தின் வடிகட்டிக்கும் எண்ணெய்க்கும் இடைவெளி வேறு என்பதால், இயந்திரத்திற்கு ஒரு வரிசை போதாது. A நிரலில் இயந்திரம், B-யில் பணி, C-யில் இடைவெளி நாட்கள், D-யில் கடைசியாகச் செய்த நாள் ஆகியவற்றை நாம் நிரப்புகிறோம். E-யில் அடுத்த நாளும் F-இல் தாமத நாட்களும் தாமாக வரும். H நிரலில் ஒவ்வோர் இயந்திரத்தின் பெயரையும் ஒருமுறை எழுதி, அதன் எண்ணிக்கைகளை I, J நிரல்களில் பெறலாம்.

```
E2: =IF(D2="","",D2+C2)
F2: =IF(E2="","",MAX(0,TODAY()-E2))
I2: =COUNTIFS($A$2:$A$50,H2,$E$2:$E$50,"<"&TODAY())
J2: =COUNTIFS($A$2:$A$50,H2,$D$2:$D$50,"")
```

எடுத்துக்காட்டு

ஒரு பட்டறையின் கம்ப்ரசருக்கு மூன்று பணிகள் உள்ளன. இன்று 10 ஜூன் 2025 எனக் கொள்வோம். காற்று வடிகட்டியை 30 நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். கடைசியாகச் செய்தது மே 4 என்பதால் அடுத்த நாள் ஜூன் 3. தாமதம் 7 நாட்கள். பெல்ட் இறுக்கத்தை 90 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மார்ச் 20-இல் பார்த்ததால் அடுத்த நாள் ஜூன் 18. இன்னும் காலம் உண்டு. எண்ணெய் மாற்றத்திற்கு நாளே பதியப்படவில்லை.

இங்கு I2 காட்டும் தாமத எண்ணிக்கை 1 மட்டுமே. நாள் பதியாத எண்ணெய் மாற்றம் அதில் சேராது. ஒருமுறைகூடச் செய்யாத பணி, தாமதமே இல்லாததுபோல் மறைந்துவிடும் என்பதே இத்தாளின் பெரிய ஆபத்து. அதைக் காட்டவே J நிரல். இரு எண்ணிக்கைகளும் சுழியமானால்தான் அந்த இயந்திரத்தில் பாக்கி இல்லை எனலாம்.

நாள் பதிவில் வரும் பிழை

மாதத்தை முதலில் படிக்கும் கணினியில், ஏப்ரல் 5 என்ற பொருளில் 05/04/2025 என்று எழுதினால் அது மே 4 ஆகிவிடும். தாமதம் ஏறக்குறைய ஒரு மாதம் குறைந்து தெரியும். எச்சரிக்கை எதுவும் வராது. அதே கணினியில் 25/04/2025 என்று எழுதினால், 25-ஆவது மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாக நின்று, கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டும்; E-யில் `#VALUE!` தோன்றும். D நிரலின் வடிவத்தை `dd-mmm-yyyy` என மாற்றினால் மாதம் பெயராகத் தெரியும். எழுதியவரே பிழையை உடனே கண்டுகொள்ளலாம்.