சித்தியின் மோதிரம் யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்தில் சொலிசிற்றராவதற்கான எஸ்.கியூ.ஈ. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இப்போது பலர். முதற்கட்டப் பரீட்சையில் ஒரு சிறு கதையைத் தந்து, கீழே ஐந்து விடைகளை அடுக்கிவிடுவார்கள். ஒப்பந்தச் சட்டத்தில் அப்படி வரக்கூடிய ஒரு கதையை நாமே செய்து பார்ப்போம்.

கணவனை இழந்த சித்தி, தன் வங்கிக் கணக்கு முதல் கடிதங்கள் வரை எல்லாவற்றையும் பெறாமகனிடமே விட்டிருக்கிறார். அவன் சொன்னான் என்பதற்காக 6,000 பவுண் பெறுமதியான மோதிரத்தை அவனுக்கே 500 பவுணுக்கு விற்கிறார். அவன் அதை எதுவும் அறியாத ஒரு நகைக்கடைக்காரரிடம் நியாய விலைக்கு விற்றுவிடுகிறான். ஒரு மாதம் கழித்துச் சித்தி விற்பனையை ரத்துச் செய்வதாகக் கடிதம் எழுதுகிறார். மோதிரம் யாருக்கு?

பிள்ளைகளில் பலர் சட்டென்று சித்திக்கு என்பார்கள். “அவவின்ர சம்மதம் உண்மையான சம்மதம் இல்லைத்தானே, அப்ப ஒப்பந்தமே இல்லை” என்பது அவர்கள் வாதம். மனம் அப்படித்தான் போகும். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

அடியோடு செல்லாத ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே இல்லாதது. அதன் கீழ்ப் பொருளின் உரிமை கைமாறாது. நூறு பேர் கை தாண்டினாலும் முதல் உரிமையாளர் கேட்டு வாங்கலாம். ரத்துச் செய்யத்தக்க ஒப்பந்தம் வேறு. ஏமாந்தவர் ரத்துச் செய்யும் வரை அது உயிரோடு இருக்கிறது, உரிமையும் கைமாறுகிறது. மிரட்டலோ, தகாத செல்வாக்கோ, பொய்யான கூற்றோ கதையில் வந்தால் பொதுவாக இந்த இரண்டாவது வகைதான். அங்கே சம்மதம் கெட்டுப்போயிருக்கிறது, ஆனால் இருக்கிறது. சித்தி எதை விற்கிறோம், யாருக்கு விற்கிறோம் என்று தெரிந்தே விற்றார். பெறாமகன் அவருடைய கையெழுத்தைத் தானே போட்டிருந்தால் கதை வேறு. அங்கே சம்மதமே கிடையாது.

ஆகவே மோதிரம் கடைக்காரருக்கு. 1979 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, ரத்துச் செய்யப்படுமுன் நல்லெண்ணத்தோடு, குறை எதுவும் அறியாமல் வாங்கியவரைக் காக்கிறது. கதையில் திகதிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சித்தியின் கடிதம் மறுவிற்பனைக்கு முன்னமே பெறாமகன் கைக்குப் போயிருந்தால் உரிமை சித்தியிடம் திரும்பியிருக்கும். இப்போது அவருக்கு எஞ்சுவது பெறாமகன் மீதான கோரிக்கை மட்டுமே. இது நம்மில் பலருக்குக் கசக்கும். ஆனால் கடைக்காரரும் காசு கொடுத்தவர்தான்.

இதே சிக்கல் நீதிமன்றத்துக்கு உண்மையிலேயே வந்தது. 1969 இல் லூயிஸ் என்ற மாணவர் தன் மினி கூப்பர் காரை விற்க விளம்பரம் செய்தார். வந்தவன் தான் ராபின் ஹூட் தொடரில் நடித்த ரிச்சர்ட் கிரீன் என்றான். பைன்வுட் ஸ்ரூடியோ அனுமதி அட்டையையும் காட்டினான். 450 பவுண் காசோலையை வாங்கிக்கொண்டு லூயிஸ் காரைக் கொடுத்தார். காசோலை திரும்பி வருமுன் அவன் காரை அவரே என்ற இன்னொரு மாணவருக்கு 200 பவுணுக்கு விற்றுவிட்டான். மேன்முறையீட்டு நீதிமன்றம் கார் அவரேக்கே என்றது. நேருக்கு நேர் பேசி விற்கும்போது, எதிரில் நிற்கும் ஆளோடுதான் ஒப்பந்தம் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அவன் பெயரில் சொன்ன பொய் ஒப்பந்தத்தைக் கெடுத்தது, இல்லாமலாக்கவில்லை.

பரீட்சைக்காரர் பொறி வைக்கும் இடமும் இதுதான். 1878 இன் கண்டி எதிர் லின்ட்சே வழக்கில் ஒரு மோசடிக்காரன், நன்மதிப்புள்ள வேறொரு நிறுவனம் எழுதுவதுபோலக் கடிதம் எழுதிக் கைக்குட்டைகளை வரவழைத்தான். விற்றவர்கள் அந்த நிறுவனத்தோடு மட்டுமே ஒப்பந்தம் செய்ய எண்ணினார்கள்; அவனை மனதில் கொள்ளவேயில்லை. அதனால் அது அடியோடு செல்லாதது. பின்னர் நல்லெண்ணத்தோடு வாங்கியவரும் தோற்றார். எனவே பொய் ஒன்று கதையில் வந்தால், அது பொருளைப் பற்றியதா ஆளைப் பற்றியதா, ஆளைப் பற்றியதென்றால் நேரிலா எழுத்திலா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் ஆள் இல்லாமலும் ரத்து உரிமை பறிபோகும். ஆல்கார்ட் என்ற பெண் கன்னியர் சபை ஒன்றில் சேர்ந்து தன் சொத்தை அதற்குக் கொடுத்தார். 1879 இல் விலகினார். 1885 இல்தான் திருப்பிக் கேட்டார். அது ஒப்பந்தமல்ல, நன்கொடை. ஆனாலும் விதி ஒன்றே. தகாத செல்வாக்கு இருந்தது என்று நீதிபதிகள் கண்டும், செல்வாக்கு நீங்கிய பின் அத்தனை காலம் பேசாதிருந்ததால் 1887 இல் கோரிக்கையை மறுத்தார்கள். நம் கதையில் மோதிரம் இன்னும் பெறாமகன் கையிலேயே இருக்க, எல்லாம் புரிந்த பிறகும் சித்தி ஆறு வருடம் பேசாமல் இருந்தார் என்று ஒரு வரி சேர்ந்தாலே விடை மாறிவிடும்.