எங்கே ஒளிந்திருந்தன 32 மணி நேரம்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரம். அங்கிருந்த டூபான்ட் ஆலை, நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பருக்கான மூலப்பொருளைத் தயாரித்தது. தயாரிப்பின் நடுவே உருவாகும் பொருள் தானாகவே வெடிக்கக்கூடியது. அதனால் ஆலை ஓடும்போது பழுது பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. தேய்ந்த வால்வோ, ஒழுகும் குழாயோ, எதுவானாலும் மொத்த ஆலையையும் நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அப்படி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 125 மணி நேரம் உற்பத்தி கிடையாது.

1950களின் இறுதியில் அது 93 மணி நேரமாகக் குறைந்தது. 32 மணி நேரத்தை மிச்சப்படுத்திய அந்தக் கணக்குமுறைதான் 'கிரிட்டிகல் பாத்' முறை. டூபான்ட் நிறுவனத்தின் பொறியாளர் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கம்ப்யூட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த கணித நிபுணர் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கியது. யுனிவாக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கப்பட்ட இந்த முறை பற்றி 1959இல் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள்.

அதற்கு முன்பு என்ன செய்தார்கள்? அவசரம் என்றால் எல்லா வேலையையும் அவசரப்படுத்தினார்கள். எல்லாருக்கும் ஓவர்டைம். கெல்லியும் வாக்கரும் கேட்ட கேள்வி வேறு: எந்த வேலை தாமதமானால் ஆலை திறப்பதும் தாமதமாகும், எது தாமதமானாலும் ஒன்றும் ஆகாது?

மாதிரிக்கு ஓர் ஆலை

கணக்கைப் புரிந்துகொள்ள சிறிய ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். முதலில் ஆலையை நிறுத்தி, குளிரவைத்து, சுத்தம் செய்ய 10 மணி நேரம். அதன் பிறகு மூன்று பக்கமாக வேலை பிரிகிறது. ஒரு பக்கம் ரியாக்டரைத் திறந்து சோதிக்க 6 மணி, அதன் உள்பூச்சைச் சரிசெய்ய 20 மணி. இன்னொரு பக்கம் பம்பைக் கழற்ற 4 மணி, பட்டறையில் பழுது பார்க்க 16 மணி. மூன்றாவது பக்கம் குழாய் வால்வுகளை மாற்ற 12 மணி. மூன்றும் முடிந்த பிறகே எல்லாவற்றையும் பொருத்தி அழுத்த சோதனை செய்ய முடியும். அதற்கு 8 மணி. மீண்டும் ஆலையை ஓடவைக்க 6 மணி.

ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் 82 மணி நேரம். ஆனால் மூன்று பக்க வேலைகளும் ஒரே சமயத்தில் நடக்கலாம். அப்படியானால் குறைந்தபட்சம் எத்தனை மணி?

இதைக் கண்டுபிடிக்க முதலில் முன்னோக்கிக் கணக்கிட வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கினால் சுத்தம் 10ஆவது மணியில் முடிகிறது. ரியாக்டர் வேலை 36ஆவது மணியில் முடியும். பம்ப் 30ஆவது மணியில் தயார். வால்வுகள் 22ஆவது மணியில் தயார். சோதனை எப்போது தொடங்கும்? கடைசியாக வந்து சேரும் வேலைக்காகத்தான் அது காத்திருக்க வேண்டும். ஆகவே 36இல் தொடங்கி 44இல் முடியும். 50ஆவது மணியில் ஆலை ஓடும். போட்ட கால அளவுகள் மாறாதவரை, எத்தனை ஆட்களைச் சேர்த்தாலும் இதற்குக் கீழே போக முடியாது.

பின்னோக்கி ஒரு நடை

அடுத்து, முடிவிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். 50இல் ஆலை ஓட வேண்டும் என்றால் சோதனை 36க்குப் பிறகு தொடங்கக் கூடாது. மூன்று பக்க வேலைகளும் 36க்குள் முடிந்தால் போதும். வால்வு மாற்றும் வேலை 22இலேயே முடிந்துவிடக்கூடியது. ஆனால் 36 வரை நேரம் இருக்கிறது. வித்தியாசம் 14 மணி. இந்தச் சலுகை நேரத்துக்குப் பெயர்தான் 'ஃப்ளோட்'. பம்ப் வேலைக்கு ஃப்ளோட் 6 மணி. ரியாக்டர் வேலைக்கு பூஜ்யம்.

ஃப்ளோட் பூஜ்யமாக உள்ள வேலைகளை வரிசையாகக் கோத்தால் வருவதே கிரிட்டிகல் பாத்: சுத்தம், ரியாக்டர் சோதனை, உள்பூச்சு, அழுத்த சோதனை, ஓட்டம். வலைப்படத்தில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை போகும் வழிகளில் மிக நீளமானது இதுதான். மிக நீளமான வழிதான் மிகக் குறைந்த கால அளவைத் தீர்மானிக்கிறது. இந்தப் பெயரைச் சூட்டியது தாங்கள் அல்ல, அதே காலகட்டத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக 'பெர்ட்' முறையை உருவாக்கியவர்கள் என்று கெல்லியே கூறியிருக்கிறார்.

ஓவர்டைம் பணத்தை எங்கே செலவிடுவது என்பதும் இப்போது தெளிவாகிறது. வால்வு வேலையை 12இலிருந்து 6 மணியாகக் குறைத்தாலும் ஆலை ஒரு நிமிடம்கூட முன்னதாகத் திறக்காது. உள்பூச்சில் 5 மணி குறைத்தால் 45இல் திறக்கும். ஆனால் அதே வேலையில் 8 மணி குறைத்தால் 42 ஆகாது, 44தான். ஏனென்றால் 6 மணி குறைந்ததுமே பம்ப் வழியும் அதே நீளத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் குறைக்க இரண்டு வழிகளிலும் பணம் போட வேண்டும்.

தவறு நேரும் இடங்கள்

ஃப்ளோட்டைத் தவறாகப் படிப்பது சகஜம். பம்பைக் கழற்றும் வேலைக்கும் 6 மணி, பழுது பார்க்கும் வேலைக்கும் 6 மணி என்று பட்டியல் சொல்லும். இரண்டும் தனித்தனி 6 அல்ல. ஒரே 6 மணியை இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கழற்றும் குழு 5 மணி தாமதித்தால் பட்டறைக்கு மிஞ்சுவது ஒரு மணிதான். பட்டறைக்காரர் பழைய பட்டியலைப் பார்த்து நிதானமாக இருந்தால் திறப்பு தள்ளிப்போகும்.

அதைவிடப் பெரிய பொறி ஆள் கணக்கு. இந்த முறை, தேவையான ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. பம்புக்கும் வால்வுக்கும் இருப்பது ஒரே ஃபிட்டர் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். 4, 16, 12 என்று 32 மணி அடுத்தடுத்துச் செய்ய வேண்டும். 10இல் தொடங்கினால் 42 ஆகிவிடும். ரியாக்டர் 36இலேயே தயாராகிக் காத்திருக்க, ஆலை 56இல்தான் ஓடும். படத்தில் 14 மணி ஃப்ளோட்டோடு தெரிந்த வால்வு வேலை நிஜத்தில் ஆலையையே பிடித்து வைத்திருக்கும். ஆகவே ஆட்களையும் கிரேன்களையும் பொருத்திப் பார்த்த பிறகே ஃப்ளோட்டை நம்பலாம்.

வேலை தொடங்கிய பிறகும் கணக்கு முடிவதில்லை. உள்பூச்சு வேலை பாதி முடிந்தது என்ற பதில் பயன்படாது. இன்னும் எத்தனை மணி பாக்கி என்று ஒவ்வொரு ஷிப்டிலும் கேட்டு, அந்த எண்ணைப் போட்டு மறுபடி கணக்கிட வேண்டும். பம்ப் வழியின் ஃப்ளோட் 6இலிருந்து 4, அடுத்த ஷிப்டில் 1 என்று இறங்கினால் அதுவே எச்சரிக்கை. அது பூஜ்யத்தைத் தொடும்வரை காத்திருக்காமல், 14 மணி ஃப்ளோட் உள்ள வால்வுப் பக்கத்தில் வேறு குழு இருந்தால் அதிலிருந்து இரண்டு ஃபிட்டர்களை பம்புக்கு அனுப்பிவிடலாம். ஓவர்டைம் இல்லாமலே.