ஒன்பதால் வகுபட்ட வித்தியாசம்

1992 ஏப்ரல் முதல் வாரம். மதுரையில் ஓர் இரும்பு மொத்தக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்து எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. வருட முடிவு ட்ரயல் பேலன்ஸைத் தயாரிக்கும் வேலையைக் கணக்குப்பிள்ளை ஐயா முதன்முறையாக என்னிடம் விட்டிருந்தார். பேரேட்டில் 162 கணக்குகள். ஒவ்வொன்றின் இருப்பையும் நீளத் தாளில் இறக்கி, பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று கூட்டினேன். பற்று 18,64,350. வரவு 18,67,050. 2,700 ரூபாய் இடித்தது.

பாடப்புத்தகத்தில் இதற்கு இருப்பாய்வு என்று பெயர். எந்த வியாபாரத்தையும் இரட்டைப் பதிவு முறையில் இரண்டு இடத்தில் எழுதுகிறோம். ஒருவருக்குக் கடனாகச் சரக்கு கொடுத்தால் அவர் கணக்கில் பற்று, விற்பனைக் கணக்கில் வரவு. ஆகவே வருட முடிவில் எல்லாப் பற்று இருப்புகளையும், எல்லா வரவு இருப்புகளையும் தனித்தனியாகக் கூட்டினால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ ஒரு பக்கம் மட்டும் தவறியிருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் எப்படித் தவறும் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். கையால் எழுதும் கணக்கில் ஒரு தொகையைப் பல முறை எடுத்தெழுத வேண்டும். பில்லில் இருப்பது முதலில் விற்பனைப் புத்தகத்தில் ஏறும். அங்கிருந்து ஒவ்வொரு பில்லும் அந்தந்த வாடிக்கையாளரின் பேரேட்டுப் பக்கத்துக்குத் தனித்தனியாகப் போகும். விற்பனைக் கணக்கிலோ, மாதக் கடைசியில் அந்தப் புத்தகத்தின் கூட்டுத்தொகை ஒரே வரியாகப் போய் உட்காரும். வாடிக்கையாளர் பக்கத்துக்குப் போகிற வழியில் கை தவறினால், மாத மொத்தம் அதை அறியாது.

மூன்று நாள் தேடினேன். தாளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் கூட்டினேன். பேரேட்டில் இருக்கும் இருப்புகளும் தாளில் இறக்கியவையும் ஒன்றா என்று பார்த்தேன். ஏதாவது ஒரு கணக்கு விட்டுப்போயிருந்தால் அதன் இருப்பே 2,700 ஆக இருக்கலாம். அப்படி எதுவும் இல்லை. பற்றில் போக வேண்டியது வரவில் போயிருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால் பாதித் தொகையான 1,350ஐயும் தேடினேன். வண்டிக் கூலியில் ஒரு 1,350 கிடைத்தது. நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. ஆனால் அது சரியான பக்கத்தில்தான் இருந்தது.

நாலாம் நாள் காலை, அனாமத்துக் கணக்கு ஒன்று திறந்து 2,700ஐ அதில் போட்டுவிடலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். அப்படிச் செய்வது தப்பில்லை. புத்தகத்திலேயே சொல்லப்பட்ட வழிதான். வித்தியாசத்தைத் தற்காலிகமாக ஒரு கணக்கில் நிறுத்திவிட்டு, பிழை தெரிந்ததும் எடுத்துவிடுவது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அனாமத்துல போட்டா தாள் நேராயிரும் தம்பி. ஆனா அந்த 2,700 யாரோ ஒருத்தர் பேர்ல குறைஞ்சு கிடக்கு. அவர் நமக்குத் தர வேண்டியதா, நாம தர வேண்டியதான்னு தெரியாம எப்படி மூடுறது? ஒம்பதால வகுத்துப் பாரு."

வகுத்தேன். 300 வந்தது, மிச்சமில்லை.

"ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். எந்த ரெண்டுன்னும் அதுவே சொல்லும்," என்றார்.

அன்று அவர் பென்சிலால் எழுதிக் காட்டியதை இங்கே சொல்கிறேன். ஒரு தொகையில் 8 ஆயிரத்தின் இடத்திலும் 5 நூறின் இடத்திலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இடம் மாறிவிட்டால், 8 ஆயிரத்திலிருந்து நூறுக்கு இறங்குகிறது. அதாவது ஒவ்வொரு ஒன்றுக்கும் 900 குறைகிறது. மொத்தம் 7,200 போகிறது. 5 நூறிலிருந்து ஆயிரத்துக்கு ஏறுகிறது, 4,500 கூடுகிறது. நிகரக் குறைவு 2,700. அது மூன்று 900. 8க்கும் 5க்கும் உள்ள வித்தியாசமும் அதே 3. பக்கத்துப் பக்கத்து இடங்கள் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9, 90, 900, 9,000 என்பவற்றில் ஒன்றின் மடங்காகத்தான் வரும். பத்து, நூறு என்று பேர் மாறலாம்; ஒன்பது போகாது.

ஆக, எங்கள் 2,700 சொல்வது இது: ஆயிரத்தின் இலக்கமும் நூறின் இலக்கமும் மாறியிருக்கின்றன, அவற்றுக்கிடையே வித்தியாசம் 3. பற்றுக் கூட்டுத்தொகைதான் குறைவு. அப்படியானால் பற்றில் ஒரு தொகை குறைவாக ஏறியிருக்க வேண்டும், அல்லது வரவில் ஒன்று கூடுதலாக ஏறியிருக்க வேண்டும். பற்றுப் பக்கத்தில் நான் தேட வேண்டியது, ஆயிரத்தைவிட நூறு மூன்று அதிகமாக நிற்கும் தொகைகளை: 1,4, 2,5, 3,6, 4,7, 5,8, 6,9. வரவுப் பக்கம் என்றால் தலைகீழாக 4,1 முதல் 9,6 வரை.

இதைக் கேட்டு நான் எழுந்துவிட்டேன். ஐயா உட்கார வைத்தார். 3,000 என்று எழுத வேண்டியதை ஒரு சைபரை விட்டு 300 என்று எழுதினாலும் வித்தியாசம் 2,700தான், அதுவும் ஒன்பதால் வகுபடும் என்றார். தவிர, எந்த எண்ணை எடுத்தாலும் ஒன்பதில் ஒன்று சும்மாவே ஒன்பதால் வகுபடும். இரண்டு வேறு பிழைகள் சேர்ந்தும் இந்தத் தொகை வரலாம். ஒன்பது ஒரு துப்பு, சாட்சியம் அல்ல.

தேட வேண்டிய இடத்தை இன்னும் சுருக்க ஒரு வழி இருந்தது. செப்டம்பர் 30 நிலவரப்படி ஐயா எடுத்த அரையாண்டு ட்ரயல் பேலன்ஸ் நேராக வந்திருந்தது. எனவே பிழை அக்டோபருக்குப் பிறகுதான். ஆறு மாதத்துப் பதிவுகள் எழுநூறுக்கும் மேல் இருந்தன. பற்றுப் பக்கத்தை மட்டும் முதலில் எடுத்து, அந்த இலக்க ஜோடிகள் வரும் தொகைகளையும் வெறும் 300களையும் ஒரு தாளில் எழுதினேன். 29 வந்தது. எழுநூறை இருபத்தொன்பதாக்கியதும் களைப்பு பாதி போய்விட்டது.

மீதி வேலை சரிபார்ப்பு. நானே இரண்டு புத்தகத்தையும் விரித்து வைத்துப் பார்க்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "நீ எழுதினத நீயே பார்த்தா கண்ணு எதிர்பார்க்கிறதத்தான் படிக்கும்." விற்பனைப் புத்தகத்தை அவர் எடுத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார், பேரேடு என் மடியில். இது வெகுநாளைய வழக்கம். 1494இல் வெனிஸில் அச்சான தம் கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூக்கா பாச்சோலி என்ற துறவி, இதையே சொல்லியிருக்கிறார்: துணைக்கு ஓர் ஆள் வைத்துக்கொள், நாள்வழி அவனிடம், பேரேடு உன்னிடம், அவன் படிக்கப் படிக்க நீ புள்ளி வைத்துக்கொண்டே போ. ஐநூறு ஆண்டு கழித்து ஒரு இரும்புக் கடை மாடியில் நாங்கள் வைத்தது புள்ளியல்ல, பச்சை மையில் டிக்.

பதினேழாவது தொகை. ஜனவரி மாதம், பில் எண் 583. ஐயா படித்தார்: "எட்டாயிரத்து ஐந்நூத்து முப்பது."

என் மடியில் இருந்தது 5,830.

அந்த வரியை இப்போதும் என்னால் கண்ணை மூடிப் பார்க்க முடியும். தேதி, பக்க எண், பில் எண் 583, அதை ஒட்டித் தொகை. பில் எண்ணை எழுதிய கை, அதே இலக்கங்களைத் தொகையிலும் அப்படியே தொடர்ந்துவிட்டது. அதைவிட என்னை உறுத்தியது, அந்த 5,830க்கு மேல் முன்பே ஒரு பென்சில் டிக் இருந்ததுதான். ஜனவரியில் நானே சரிபார்த்திருக்கிறேன். எட்டு இருக்கிறது, ஐந்து இருக்கிறது, மூன்றும் சைபரும் இருக்கின்றன; கண் திருப்தியாகி நகர்ந்துவிட்டது. காதில் விழுந்தபோது அப்படி நகர முடியவில்லை. எட்டாயிரமும் ஐயாயிரமும் ஒரே சத்தமாக ஒலிப்பதில்லை.

அழிக்கவோ மேலெழுதவோ ஐயா விடவில்லை. தவறான தொகை மீது ஒற்றைக் கோடு, பழைய எண் படிக்கத் தெரியும்படி. மேலே 8,530. பக்கத்தில் என் சுருக்கொப்பம், தேதி. அந்த வாடிக்கையாளரின் இருப்பு 10,030 என்று இருந்தது 12,730 ஆனது. நீளத் தாளில் அந்த ஒரு வரியைத் திருத்தி மறுபடி கூட்டினோம். இரண்டு பக்கமும் 18,67,050.

முதலாளியிடம் தாளைக் கொண்டுபோக நான் பரபரத்தேன். ஐயாவோ ஜனவரி பில் கட்டை எடுத்துவரச் சொன்னார். 583ஆம் பில்லின் நகலிலும் 8,530தான் என்று கண்ணால் பார்த்த பிறகே பேரேட்டை மூடினார். ஏன் என்று அன்று புரியவில்லை. பில்லிலிருந்து விற்பனைப் புத்தகத்துக்கு ஏறும்போதே நான் 5,830 என்று எழுதியிருந்தால், வாடிக்கையாளர் பக்கத்திலும் அது, மாத மொத்தத்திலும் அது. இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைந்திருக்கும். ட்ரயல் பேலன்ஸ் முதல் நாளே நேராக வந்திருக்கும். 2,700 ரூபாயை யாரும் தேடியே இருக்க மாட்டார்கள்.

இன்று கம்ப்யூட்டர் கணக்கில் எல்லாத் தவறும் இந்த வகைதான். ஒரு முறை தட்டிய தொகை தானாகவே இரு பக்கமும் போய்விடுவதால், 8,530ஐ 5,830 என்று தட்டினாலும் திரையில் ட்ரயல் பேலன்ஸ் நேராகவே நிற்கும். பழைய புத்தகத்திலிருந்து ஆரம்ப இருப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றும்போது மட்டும் இலக்கம் மாறினால் வித்தியாசம் தனி வரியாகக் காட்டும். அங்கே ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது இன்றும் உதவும். மற்றபடி பிடிபடுவது வெளியாள் கணக்கோடு ஒப்பிடும்போதுதான்: பேங்க் ஸ்டேட்மென்ட், சரக்கு விற்றவரின் கணக்கு, வாங்கியவரின் கணக்கு.

அந்த ஒப்பிடலையும் ஐயா அந்த மாதமே செய்ய வைத்தார். கடன் வைத்திருந்த எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இருப்பு உறுதிக் கடிதம் எழுதினேன். 583ஆம் பில்காரரின் பதில் மே மாதம் வந்தது. கடிதத்தின் அடியில் கையெழுத்து, முத்திரை. தம் புத்தகத்திலிருந்து அவர் எடுத்தெழுதியிருந்த விவரத்தில் ஜனவரி பில் 8,530, எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி 12,730. ஐயா அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பேரேட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து, இருப்புக்கு எதிரே பச்சை மையில் ஒரு டிக் போட்டேன்.