விற்காத நாளுக்கும் ஒரு கணக்கு

சில வருடங்களுக்கு முன் 7 சின்ன மளிகைக் கடைகள் வைத்திருக்கும் நண்பருக்காக ஒரு நிரல் எழுதினேன். இரவு பத்து மணிக்குக் கடைகளின் பில்லிங் மெஷின் கணக்கெல்லாம் வந்து சேரும். எந்தப் பொருள் குறைகிறதோ, அதற்கு குடோனுக்கு ஆர்டர் தானாகவே போய்விடும். யாரும் நோட்டில் எழுத வேண்டாம், போன் பண்ண வேண்டாம்.

கணக்கு எளிமையானதுதான். ஒரு ஆரஞ்சு கிரீம் பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். கடந்த 28 நாள் சராசரிப்படி ஒரு கடையில் தினம் 4 பாக்கெட் விற்கிறது. ஆர்டர் போட்டால் சரக்கு வர 2 நாள். கணக்கு பார்ப்பது நாளுக்கு ஒருமுறை என்பதால் இன்னும் 1 நாள். ஆக 3 நாளுக்கு 12 பாக்கெட் தேவை. சில நாள் கூடுதலாக விற்கும் இல்லையா, அதற்குக் கையிருப்பாக 6. மொத்தம் 18. இருப்பும் வழியில் வரும் சரக்கும் சேர்ந்து 18க்கு வந்துவிட்டால், 12 பாக்கெட் கொண்ட ஒரு பெட்டிக்கு ஆர்டர்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் கடைக்குப் போயிருந்தபோது பில் போடும் பெண் கேட்டார்: "அண்ணா, ஆரஞ்சு பிஸ்கட் தீர்ந்து மூணு வாரம் ஆச்சு. எப்ப அனுப்புவீங்க?"

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். "20 பாக்கெட் இருக்குன்னு காட்டுதேம்மா" என்றேன்.

"அப்ப அதுல இருந்தே எடுத்துக் குடுத்துடுங்கண்ணா" என்று சிரித்தார்.

அலமாரியில் ஒன்றுகூட இல்லை. அந்த 20 எங்கிருந்து வந்தது? அதே விலையில் வெனிலாவும் இருக்கிறது. யாராவது 2 ஆரஞ்சு, 1 வெனிலா எடுத்து வந்தால், கூட்ட நேரத்தில் வெனிலாவை ஒருமுறை ஸ்கேன் செய்து எண்ணிக்கையில் 3 என்று தட்டிவிடுவார்கள். கல்லாவில் காசு சரியாக இருக்கும். ஆனால் ஆரஞ்சின் இருப்பு கணக்கில் குறையவே குறையாது. உடைந்ததும், திருட்டுப் போனதும், இறக்கும்போது தப்பாக எண்ணியதும் இதே வேலையைத்தான் செய்யும்.

இதில் கவனிக்க வேண்டியது, தப்பு தானாகச் சரியாகாது என்பதுதான். கணக்கில் 20 இருக்கிறது, 18ஐ விட அதிகம், அதனால் ஆர்டர் போகாது. சரக்கு இல்லாததால் விற்பனை இல்லை. விற்பனை இல்லாததால் 20 குறையாது. அப்படியே உறைந்து நிற்கும்.

இன்னொரு சேதமும் சத்தமில்லாமல் நடந்திருந்தது. 28 நாளில் 21 நாள் விற்பனை பூஜ்ஜியம் என்பதால், சராசரி 4லிருந்து 1க்கு இறங்கிவிட்டது. 18 என்றிருந்த ஆர்டர் எல்லை 6 ஆகிவிட்டது. இருப்பை 0 என்று திருத்தினால் மட்டும் போதாது. ஒரு பெட்டி வரும், பழையபடி தினம் 4 விற்கும், அடுத்த பெட்டி வருவதற்குள் மறுபடி காலி. "சரக்கு இல்லை" என்பதை "யாரும் கேட்கவில்லை" என்று என் நிரல் புரிந்துகொண்டிருந்தது.

அதனால் இரண்டு மாற்றம் செய்தேன்.

```
avg   = sales_on_stocked_days / stocked_days
check = avg * zero_days >= 5
```

முதல் வரி: சரக்கு இருந்த நாட்களை மட்டும் வைத்துச் சராசரி. அலமாரி காலி என்று உறுதியானால், கடைசி விற்பனைக்குப் பிறகு வந்த நாட்கள் எல்லாம் கணக்கிலிருந்து விலகும்.

இரண்டாவது வரி: தொடர்ந்து விற்காத நாட்களைச் சராசரியால் பெருக்கி, 5ஐத் தொட்டால் கடைக்காரருக்குத் தகவல். இங்கே சராசரி என்பது விற்பனை நிற்பதற்கு முன் இருந்தது. தினம் 4 விற்கும் பொருள் ஒரு நாள் விற்காமல் போக 100ல் 2 வாய்ப்புகூட இல்லை. இரண்டு நாள் தொடர்ந்து என்றால் ஏறக்குறைய 3000ல் ஒன்று. அதனால் இரண்டாம் நாளே சந்தேகப்படலாம். இரண்டு நாளைக்கு ஒன்று விற்கும் பொருளுக்கு 10 நாள் காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஆர்டரைத் தானாகப் போட விடவில்லை. ஒரு ஆள் போய் அலமாரியைப் பார்த்து, எண்ணி, எண்ணிக்கையை உள்ளிட வேண்டும். சில சமயம் பெட்டி பின்னறையில் பிரிக்காமலேயே கிடக்கும். அப்போது ஆர்டர் போனால் வீண்.

குறையும் உண்டு. மாதத்துக்கு ஒன்றிரண்டு விற்கும் பொருளுக்கு இது உதவாது. அவற்றை அவ்வப்போது கையால் எண்ணத்தான் வேண்டும். ஊர்த் திருவிழாவுக்குக் கடை மூடிய நாளை விலக்காவிட்டால் நூற்றுக்கணக்கில் தகவல் வரும். பொய்யான தகவல் நாலு வந்தாலே யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் கடைக்கு ஒரு நாளுக்கு 10 பொருள்தான், அதிகம் விற்பவை முதலில்.

கூடவே, பில் திரையில் அந்த பிஸ்கட்டுகளுக்கு எண்ணிக்கை தட்டும் வசதியை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு பாக்கெட்டையும் ஸ்கேன் செய்தாக வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்: "க்யூ நீளுதுண்ணா!"