வாட்டுக்கு முன் வோல்ட்டைப் படியுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மிக்ஸி வாங்க வருகிறவர்கள் பலரும் கடைக்காரரிடம் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். ஆனால் அந்த மிக்ஸி நம் வீட்டு மின்சாரத்துக்கு ஏற்றதா என்பதை வாட் சொல்லாது. பின்புற ஸ்டிக்கரில் V, Hz என்ற எழுத்துகளை ஒட்டி இருக்கும் எண்கள்தான் சொல்லும்.

மலேசியாவில் 2008 ஜனவரி 1 முதல் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். மேலே 10 விழுக்காடும் கீழே 6 விழுக்காடும் மாறலாம்; அதாவது 216இலிருந்து 253 வரை. முன்பிருந்த 240 வோல்ட்டும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த வேறுபாடு என்ன செய்யும் என்பதை ஒரு மின்கெண்டியின் அடியிலேயே பார்க்கலாம். 220-240V, 1850-2200W என்று போட்டிருக்கும். ஒரே கெண்டிக்கு எப்படி இரண்டு வாட்? உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி ஒன்றுதான். 220 வோல்ட் கொடுத்தால் 1850 வாட் இழுக்கும். 240 கொடுத்தால் 2200 இழுக்கும். வோல்ட் ஒன்பது விழுக்காடு கூடினாலே வாட் ஏறக்குறைய பத்தொன்பது விழுக்காடு கூடிவிடுகிறது, ஏனென்றால் வாட் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப உயரும். இதே கணக்கில், 120 வோல்ட்டுக்குச் செய்த அமெரிக்கச் சோறு வடிக்கும் குக்கரை இங்கே 240 வோல்ட்டில் செருகினால் கம்பி நான்கு மடங்கு வாட் இழுக்கும். சோறு வேகும்வரை அது தாங்காது.

வோல்ட் சிக்கலுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கேதான் Hz வருகிறது. அமெரிக்காவில் குடும்பம் நடத்திவிட்டுத் திரும்பும் மகள் அங்கே வாங்கிய மிக்ஸியையும் கிரைண்டரையும் கொண்டுவருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் ஸ்டிக்கரிலும் 120V, 60Hz. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும். ஹெர்ட்ஸை அதனால் தொட முடியாது.

மிக்ஸிக்கு இது பெரிய பாதகமில்லை. அதில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். அதன் வேகம் ஹெர்ட்ஸைச் சார்ந்ததல்ல. டிரான்ஸ்பார்மர் மட்டும் மிக்ஸியின் வாட்டைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். கிரைண்டரின் கதை வேறு. அதில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். ஹெர்ட்ஸ் சொல்லும் வேகத்தில்தான் அது சுற்றும். 60இல் நிமிடத்துக்கு 1800ஐ நெருங்கிச் சுற்றிய மோட்டார், 50இல் 1500க்குக் கீழே வந்துவிடும். மாவு ஆட்ட நேரம் பிடிக்கும் என்பதோடு இது முடிவதில்லை. ஹெர்ட்ஸ் குறைந்து வோல்ட் அப்படியே இருந்தால் மோட்டாரின் இரும்புக்குள் காந்தப்புலம் அளவுக்கு மீறும். சுருள் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். 60க்கு 120 என்றால் 50க்கு 100 வோல்ட்தான் பொருத்தம். மோட்டார் வழக்கத்தைவிடக் கனமாக முனகுவதும், அடிப்பாகம் கை வைக்க முடியாமல் கொதிப்பதும், வார்னிஷ் கருகும் வாடை வருவதும் இதன் அடையாளங்கள். ஊறிய உளுந்தோடு கால் மணி நேரம் ஓடினாலே தெரிந்துவிடும். அந்தக் கிரைண்டரை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருவதுதான் நல்லது என்பேன்.

சென்னையிலிருந்து வருவதற்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் மாறும். இந்தியப் பிளக்கின் கால்கள் உருண்டை; இங்கே சதுரக்கால், உள்ளே பியூஸ். நம் வீடுகளில் மேல்துளையில் பேனாவைக் குத்தித் திறந்து இரண்டு கால் பிளக்கைச் செருகும் பழக்கம் உண்டு. இப்படிச் செருகினால் நில இணைப்பும் இல்லை, பிளக்கின் பியூஸும் இல்லை. ஸ்டிக்கரில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அந்தக் கருவிக்கு இரட்டைக் காப்பு உண்டு, நில இணைப்பு தேவையில்லை. எஃகு உடல் கிரைண்டரில் அந்தக் குறி இல்லையென்றால் மூன்றாவது கம்பி கட்டாயம். ஈரக்கையோடு தொடும் இயந்திரம் அது. மின்பணியாளரிடம் கொடுத்துப் பிளக்கையே மாற்றுங்கள்.

மாடல் எண்ணுக்கும் இதில் வேலை உண்டு. ஒரே தோற்றமுள்ள இயந்திரத்தை இந்தியாவுக்கு ஒரு மோட்டாரும் அமெரிக்காவுக்கு வேறு மோட்டாரும் வைத்து விற்பதுண்டு. மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளில் மட்டும் அந்த வேறுபாடு தெரியலாம். அருகில் இருக்கும் சீரியல் எண் வேறு. அது அந்த ஒரு இயந்திரத்துக்கே உரியது, உத்தரவாதத்துக்குப் பயன்படும். கப்ளரோ பெல்ட்டோ வாங்கப் போகும்போது பெயரை மட்டும் சொல்லாமல், ஸ்டிக்கர் முழுவதையும் போனில் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஈரமும் எண்ணெயும் பட்டு அந்த எழுத்து அழிவதற்குள், வாங்கிய அன்றே எடுத்துவிடுவது நல்லது.