ஆண்டுக் கணக்கில் மிச்சம்... தையில் கடன் ஏன்?

மரக்காணம் அருகே கீழ்புத்துப்பட்டு பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளக் கூலி நின்றுவிடும். அதே சமயத்தில்தான் சம்பா நெல்லுக்குச் செலவு ஏறும். நெல் விற்ற பணம் மாசியில்தான் கைக்கு வரும். ஆண்டு மொத்தத்தில் மிச்சம் தெரிந்தாலும், இடையில் வட்டிக்கு வாங்க நேர்வது இதனால்தான்.

இதைத் தவிர்க்க, போன வருட வரவு செலவு நோட்டைப் பார்த்து, மாதாமாதம் கையிருப்பு எவ்வளவு என்று எழுத வேண்டும். உதாரணமாக, புரட்டாசி முடிவில் ஒரு குடும்பத்திடம் 30,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐப்பசியில் நடவு, வீட்டுச் செலவு 24,000 போக மீதி 6,000. கார்த்திகையில் களையெடுப்பு, உரம், வீட்டுச் செலவு 18,000. இப்போது பற்றாக்குறை 12,000. மார்கழியில் வீட்டுச் செலவு 9,000 சேர, அது 21,000 ஆகும். தையில் பொங்கலும் அறுவடை இயந்திர வாடகையும் வீட்டுச் செலவும் இன்னொரு 21,000. ஆக, பற்றாக்குறை 42,000. முன்கூட்டியே தேட வேண்டிய தொகை இதுதான்.

மாசி முதல் புரட்டாசி வரை 8 மாதங்கள், மாதம் 5,250 ரூபாய் கூடுதலாக ஒதுக்கினால் இது தீரும். முடியாவிட்டால், நடவுக்கு முன்பே கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கலாம். தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தைக் கைக்கு வந்த பிறகே வரவில் எழுதுங்கள்.